வெள்ளக் கதைகள் ஐந்து, கேள்விகள் நான்கு: முதலாம் படிவப் பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்றுப் பயிற்சி

"உலகத்தில் எல்லா மதத்திலும் பெருவெள்ளக் கதை இருக்கிறது. ஆகவே உலகம் முழுவதும் ஒரு காலத்தில் தண்ணீரில் மூழ்கியது உண்மை." இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றி வருகிறது. கூடவே இன்னொன்றும் வரும்: "நம் மனுவின் கதையைத்தான் மற்றவர்கள் நோவா என்று மாற்றிக் கொண்டார்கள்." பெரியவர்கள் படித்துவிட்டு அடுத்த குழுவுக்கு அனுப்பி விடுகிறோம். வீட்டில் இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைப் படித்துவிட்டு, "அப்பா, இது உண்மையா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முறையைத்தான் முதலாம் படிவ வரலாற்றுப் பாடத்தின் தொடக்கத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். வரலாற்றுச் சான்று என்றால் என்ன, முதன்மைச் சான்று எது, இரண்டாம் நிலைச் சான்று எது, வாய்மொழிச் சான்றை எப்படிப் பயன்படுத்துவது என்பவை அதில் வரும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் பலர், மலாய் மொழியில் வரும் அந்த விளக்கங்களை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்து விடுகிறார்கள். பிறகு ஒரு பத்தியைக் கொடுத்து "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம் என்ற விதி 2013 முதல் இருப்பதால், இந்தத் தடுமாற்றத்தின் விலை பெரிது.

பினாங்கில் இந்தப் பயிற்சிக்கு வெள்ளக் கதைகள் மிகவும் பொருந்தும். ஜார்ஜ் டவுனில் ஒரே வகுப்பில் முஸ்லிம், இந்து, கிறிஸ்தவ, பௌத்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு வெள்ளக் கதை ஏற்கெனவே தெரியும். ஆசிரியரோ பெற்றோரோ செய்ய வேண்டியது, ஐந்து கதைகளை ஐந்து தாள்களில் சுருக்கமாக எழுதி மேசை மேல் வைப்பதுதான்.

ஐந்து தாள்கள்

முதல் தாள் மெசபொத்தாமியாவின் கில்காமேஷ் காப்பியத்திலிருந்து. உத்னாபிஷ்டிம் என்பவருக்கு ஒரு கடவுள் இரகசியமாக எச்சரிக்கை தருகிறார். அவர் நீளமும் அகலமும் சமமான ஒரு மரக்கலம் கட்டி, குடும்பத்தையும் விலங்குகளையும் ஏற்றுகிறார். ஆறு நாள், ஏழு இரவு புயல் அடிக்கிறது. கலம் மலையில் தட்டி நிற்கிறது. அவர் ஒரு புறாவை விடுகிறார், திரும்பி வருகிறது. தகைவிலான் குருவியை விடுகிறார், அதுவும் திரும்புகிறது. காகத்தை விடுகிறார், அது திரும்பவில்லை. தரை தெரிந்துவிட்டது என்று புரிந்துகொள்கிறார்.

இரண்டாம் தாள் பைபிளின் ஆதியாகமம். மனிதர்களின் தீமை பெருகியதால் வெள்ளம் வருகிறது. நோவா 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரத்தில் பேழை செய்கிறார். நாற்பது நாள் மழை. பேழை அரராத் மலைப்பகுதியில் தங்குகிறது. நோவா முதலில் காகத்தையும் பிறகு புறாவையும் விடுகிறார். புறா ஒலிவ இலையோடு வருகிறது.

மூன்றாம் தாள் குர்ஆனின் ஹூது அத்தியாயம். நபி நூஹ் கலம் கட்டும்போது மக்கள் கேலி செய்கிறார்கள். அவருடைய மகன் ஒருவன் ஏற மறுத்து, மலை மேல் ஏறித் தப்பித்துக் கொள்வேன் என்கிறான். அலை அவனைக் கொண்டு போகிறது. கலம் ஜூதி மலையில் தங்குகிறது. பறவைகள் பற்றிய பேச்சு இங்கே இல்லை.

நான்காம் தாள் சதபத பிராமணம் என்ற வடமொழி நூலில் வரும் மனு. கை கழுவும் நீரில் ஒரு சிறு மீன் வந்து, "என்னைக் காப்பாற்று, நான் உன்னைக் காப்பாற்றுகிறேன்" என்கிறது. மனு அதை வளர்க்கிறார். வெள்ளம் வரும்போது படகின் கயிற்றை மீனின் கொம்பில் கட்டுகிறார். மீன் வடக்கு மலைக்கு இழுத்துச் செல்கிறது.

ஐந்தாம் தாள் சீனர்களின் மாமன்னர் யூ. வெள்ளம் நாட்டை மூடுகிறது. அவருடைய தந்தை அணை போட்டுத் தடுக்கப் பார்த்துத் தோற்கிறார். யூ கால்வாய்களை வெட்டி நீரைக் கடலுக்கு ஓட விடுகிறார். படகும் இல்லை, தப்பிய ஒரே குடும்பமும் இல்லை. மக்கள் எல்லாரும் உழைத்து வெள்ளத்தை வடிக்கிறார்கள்.

முதல் கேள்வி: எப்போது எழுதப்பட்டது?

பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். "கில்காமேஷ் களிமண் பலகை பழமையானது, அசலானது. ஆகவே அது வெள்ளத்துக்கு முதன்மைச் சான்று" என்று எழுதி விடுவார்கள்.

அந்தப் பலகையின் கதையைச் சொன்னால் தவறு புரியும். 1872-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் உடைந்த களிமண் பலகைகளைப் படித்துக் கொண்டிருந்தார். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். பணத்தாள் அச்சுக்குச் செதுக்கும் வேலை பார்த்தவர். ஆப்பெழுத்தைத் தாமாகவே கற்றவர். ஒரு பலகையில், மலையில் நின்ற கலம், அனுப்பிய புறா என்று படித்தபோது திகைத்துப் போனார். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் அதை வாசித்துக் காட்டியது இங்கிலாந்து முழுவதும் செய்தியானது.

அந்தப் பலகை நினிவே நகரில், அசூர்பனிபால் மன்னரின் நூலகத்தில் இருந்தது. காலம் கி.மு. 7-ஆம் நூற்றாண்டு. ஆனால் அது சொல்லும் வெள்ளமோ, எழுதியவர்களுக்கே மிகப் பழைய காலத்துச் சங்கதி. அதே வெள்ளக் கதையை அத்ராஹசிஸ் என்ற நாயகனை வைத்துச் சொல்லும் பலகைகள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முந்தியவை, கி.மு. 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவையும் கண்ணால் பார்த்தவர் எழுதியவை அல்ல.

ஆகவே ஒவ்வொரு தாளிலும் பிள்ளைகள் இரண்டு காலத்தைக் குறிக்க வேண்டும்: கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலம், நம் கையில் உள்ள எழுத்தின் காலம். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், அந்த எழுத்து வெள்ளத்துக்கு முதன்மைச் சான்று ஆகாது. ஆனால் அது பயனற்றதும் அல்ல. நினிவே நகர எழுத்தர்கள் என்ன படித்தார்கள், எப்படிக் கலம் கட்டுவது என்று நினைத்தார்கள், கடவுளரை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அதுவே முதன்மைச் சான்று. ஒரு சான்று முதன்மையா இல்லையா என்பது நாம் என்ன கேள்வி கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு வரி புரிந்தால் பாடத்தின் பாதி புரிந்த மாதிரி.

இரண்டாம் கேள்வி: எந்த ஒற்றுமைக்கு எடை அதிகம்?

பண்டிங்கன், அதாவது ஒப்பிடுக என்று கேள்வி வந்தால், பிள்ளைகள் ஒற்றுமைகளை வரிசையாக எழுதுவார்கள்: தண்ணீர் வந்தது, படகு இருந்தது, மலையில் நின்றது, சிலர் தப்பினார்கள். பிறகு, "ஆகவே எல்லாம் ஒரே வெள்ளம்" என்று முடிப்பார்கள்.

இங்கே ஆசிரியர் ஒன்று கேட்க வேண்டும். வெள்ளம் வந்தால் எதில் ஏறித் தப்பிப்போம்? படகில். தண்ணீர் வடியும்போது எது முதலில் தெரியும்? மேடு. இவற்றை யாரும் யாரிடமிருந்தும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. ஆற்றங்கரையில் வாழும் எந்த மக்களும் இப்படிச் சொல்வார்கள். இது வெள்ளத்தின் இயல்பிலிருந்து வரும் ஒற்றுமை. இதற்கு எடை குறைவு.

பறவைகளைப் பாருங்கள். தரை தெரிகிறதா என்று அறிய ஒன்றன்பின் ஒன்றாகப் பறவை விடுவதும், அந்தப் பறவைகளில் புறாவும் காகமும் இருப்பதும் வெள்ளம் என்றாலே தானாக வரும் சங்கதி அல்ல. அது கில்காமேஷிலும் ஆதியாகமத்திலும் இருக்கிறது. மனுவில் இல்லை, யூவில் இல்லை. அதனால்தான் முதல் இரண்டு கதைகளுக்கும் இடையே தொடர்பு உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இரண்டும் மேற்காசியாவைச் சேர்ந்தவை; யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டு செல்லப்பட்ட வரலாறும் உண்டு. தொடர்பு எந்த வழியில் வந்தது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. தொடர்பு உண்டு என்பதற்குப் பறவைகள் நல்ல ஆதாரம்.

அதே அளவுகோலை மனுவுக்கு வையுங்கள். மீன், கொம்பு, கயிறு ஆகியவை மற்ற நான்கு தாள்களில் எதிலும் இல்லை. "நம்மிடமிருந்து எடுத்தார்கள்" என்பதற்கோ, "அவர்களிடமிருந்து நாம் எடுத்தோம்" என்பதற்கோ இந்தத் தாள்களில் இருப்பது எச்சரிக்கையும் படகும் மலையும்தான். அது போதாது. வாட்ஸ்அப் செய்தியின் இரண்டாவது வரி இங்கேயே நின்றுவிடுகிறது.

மூன்றாம் கேள்வி: கதை வழியில் மாறியதா?

இதற்கு மனுவின் கதையே நல்ல உதாரணம். சதபத பிராமணத்தில் மீன் யார் என்று சொல்லப்படவில்லை. வெள்ளம் ஏன் வருகிறது என்பதற்குக் காரணமும் இல்லை. மனு தனியாகத் தப்புகிறார். மகாபாரதத்துக்கு வரும்போது ஏழு ரிஷிகளும் எல்லா வித்துகளும் படகில் ஏறுகின்றன. மீன், தானே பிரம்மா என்று சொல்கிறது. பாகவத புராணத்தில் அதே மீன் திருமாலின் மச்ச அவதாரம் ஆகிறது. படகில் ஏறுபவர் திராவிட நாட்டு மன்னர் சத்தியவிரதர். மீன் அவர் கையில் வந்தது கிருதமாலை ஆற்றில். அந்த ஆறு மதுரையின் வைகை என்பது மரபு.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது பெரும்பாலும் மூன்றாவது வடிவம். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, கதை தெற்கே வந்து நம் மண்ணின் ஆற்றில் கால் நனைத்தது தெரியும். இதைப் "பொய் சேர்த்தார்கள்" என்று எழுதக் கூடாது. அந்தந்தக் காலத்து மக்கள் எதை முக்கியமாக நினைத்தார்களோ அது கதைக்குள் வந்திருக்கிறது. பாகவதம், எழுதப்பட்ட காலத்துத் திருமால் பக்திக்குச் சான்று; தெற்கோடு அந்த நூலுக்கு இருந்த உறவுக்குச் சான்று. வெள்ளத்தின் தேதிக்கு அது சான்று அல்ல.

நான்காம் கேள்வி: மண் என்ன சொல்கிறது?

எழுத்துக்கு வெளியே சாட்சி தேட வேண்டும். 1929-இல் லெனார்ட் வூலி என்ற தொல்லியலாளர் ஈராக்கின் ஊர் நகரத்தில் தோண்டியபோது, ஓர் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட தடிப்பில் சுத்தமான வண்டல் அடுக்கு ஒன்றைக் கண்டார். அதன் மேலும் கீழும் மனிதர் வாழ்ந்த தடயம். நோவாவின் வெள்ளம் கிடைத்துவிட்டது என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது.

பிறகு என்ன நடந்தது என்பதே பிள்ளைகளுக்கான பாடம். ஊருக்கு மிக அருகிலேயே இருக்கும் எரிது நகரத்தில் அப்படி ஓர் அடுக்கு இல்லை. கிஷ், ஷுருப்பாக் ஆகிய நகரங்களில் வண்டல் அடுக்குகள் இருந்தன, ஆனால் அவற்றின் காலம் வேறு. உலகத்தையே மூடிய ஒரே வெள்ளம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே காலத்து அடுக்கு இருக்க வேண்டும். கிடைத்தவையோ டைகிரிஸ், யூப்ரட்டீஸ் ஆறுகள் வெவ்வேறு காலத்தில் கரை மீறிய தடயங்கள். வெள்ளங்கள் உண்மை, "அந்த ஒரே வெள்ளம்" நிரூபிக்கப்படவில்லை. பிள்ளைகள் இந்த வேறுபாட்டை எழுதப் பழக வேண்டும்.

நம் கடல்கோளையும் இதே தராசில்

மற்றவர் கதைக்கு நான்கு கேள்வி கேட்டுவிட்டு நம் கதையை மட்டும் அப்படியே நம்பச் சொன்னால், பிள்ளைக்கு நாம் வேறு பாடம் கற்றுத் தருகிறோம். ஆகவே ஆறாவது தாளாகக் குமரி நிலத்தைக் கடல் கொண்ட செய்தியை வைக்கலாம்.

சிலப்பதிகாரம் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாகச் சொல்கிறது. மூன்று சங்கங்களும் சேர்ந்து 9,990 ஆண்டு நடந்தன, கபாடபுரத்தைக் கடல் கொண்டது என்ற விவரத்தைத் தருவது இறையனார் களவியல் உரை. அந்த உரையின் காலம் ஏறத்தாழ கி.பி. 8-ஆம் நூற்றாண்டு. முதல் கேள்வியைக் கேட்டாலே இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். "லெமூரியா" என்ற பெயர் நம் நூல்களில் எங்கும் இல்லை. 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர், லெமூர் என்ற விலங்கின் பரவலை விளக்க வைத்த பெயர் அது. கண்டங்கள் நகர்கின்றன என்பது நிறுவப்பட்ட பிறகு, மூழ்கிய கண்டம் ஒன்று விஞ்ஞானத்துக்குத் தேவைப்படவில்லை.

அப்படியானால் கடல்கோள் வெறும் கற்பனையா? அதற்கும் அவசரப்பட வேண்டாம். பனியுகம் முடிந்தபோது உலகக் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் உயர்ந்தது. கரையோர நிலங்கள் பல மூழ்கின. ஆனால் அது ஒரு நாளில் நடக்கவில்லை, பல ஆயிரம் ஆண்டுகளில் நடந்தது. ஆகவே பிள்ளை எழுத வேண்டிய விடை இப்படி இருக்கும்: "கடல் நிலத்தைக் கொண்டது என்ற நினைவு தமிழரிடம் இருந்ததற்கு இந்நூல்கள் சான்று. கரையோர நிலம் இழந்தது நடந்திருக்கக்கூடியது. ஒரு கண்டமே மூழ்கியது என்பதற்கு நிலவியல் ஆதாரம் இல்லை." இதனால் தமிழின் பெருமை ஒரு குன்றிமணி அளவும் குறையாது.

கடல் இடம் மாறியதற்கான தடயம் நம் ஊரிலேயே இருக்கிறது. செபராங் பிறை வடக்கில், கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் உள்ள குவார் கெப்பாவில், பழங்கால மக்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடுமேடாகக் குவிந்திருந்தன. அங்கே 2017-இல் கிடைத்த எலும்புக்கூடு "பினாங்குப் பெண்" என்று அழைக்கப்படுகிறது. வயது ஏறத்தாழ 5,700 ஆண்டு. இன்று அந்த இடம் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. சிப்பி பொறுக்கிய மக்கள் வாழ்ந்த நாளில் கரை இன்னும் அருகில் இருந்தது. அந்த மேடு வெள்ளத்தைப் பற்றி எந்தக் கதையும் சொல்லவில்லை. ஆனாலும் அதுவும் சான்றுதான்.

வகுப்பில் கவனம், வீட்டில் ஒரு வேலை

சமய நூல்களை மேசை மேல் வைக்கும்போது ஒரு வரம்பு வேண்டும். வரலாற்று வகுப்பில் "இது உண்மையா?" என்று வாக்கெடுப்பு நடத்தக் கூடாது. "இந்த நூல் என்ன சொல்கிறது? மற்றதிலிருந்து எங்கே வேறுபடுகிறது? இதை வைத்திருந்த மக்களுக்கு எது முக்கியமாக இருந்தது?" என்றுதான் கேட்க வேண்டும். ஏற மறுத்த மகன் குர்ஆனில் மட்டும் வருகிறான். இரத்த உறவைவிட நம்பிக்கை பெரிது என்ற கருத்து அங்கே தெரிகிறது. இதைச் சொல்ல யாருடைய சமயத்தையும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஒரு பிள்ளை தன் சமய நூலின் தாளைத் தானே வாசித்து விளக்கட்டும். அடுத்தவர் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வாய்வழி நினைவுக்கு எவ்வளவு மதிப்பு தரலாம் என்ற கேள்விக்கு நம் கடலுக்கு அக்கரையிலேயே பதில் உண்டு. சுமத்திராவுக்கு அருகில் உள்ள சிமலூ தீவில் 1907-இல் ஆழிப்பேரலை வந்து பலர் இறந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று அந்த மக்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். அதற்கு "ஸ்மோங்" என்று பெயர். 2004 டிசம்பர் 26-இல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குச் சற்று மேல்தான். வாய்மொழிச் சான்று தேதியிலும் எண்ணிக்கையிலும் தவறலாம். நடந்ததன் உள்ளடக்கத்தை நூறு ஆண்டு சுமக்கவும் செய்யும்.

அதே நாளில் பினாங்கில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா, பாலிக் பூலாவ் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் மறக்கவில்லை. உங்கள் பிள்ளை அன்று பிறக்கவே இல்லை. இந்த வாரக் கடைசியில் பாட்டியிடமோ பக்கத்து வீட்டு மாமாவிடமோ கேட்டு எழுதட்டும்: எத்தனை மணி, தண்ணீர் எவ்வளவு உயரம், கடல் முதலில் உள்வாங்கியதா. இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்கட்டும். பிறகு அன்றைய நாளிதழ்ச் செய்தியோடு ஒப்பிடட்டும். இருவர் சொல்வதும் மணியில் மாறும், உயரத்தில் மாறும், எங்கே நின்று பார்த்தோம் என்பதில் ஒத்துவரும். எந்த வரிக்கு எடை அதிகம் என்று பிள்ளை தானே பிரித்து எழுதினால், நான்கு கேள்வியும் கைவசம் வந்துவிட்டது என்று பொருள்.